அலுமினா சட்டத்துக்குச் சராசரி வலிமை ஏன் போதாது: 30 துண்டுகளை உடைத்துக் கண்ட கணக்கு

சேலத்தில் ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் சிறு சூளைகளுக்கான தட்டுகளும் தாங்கு சட்டங்களும் செய்கிறோம். வெள்ளைக்கல் சுரங்கங்களும் அதைச் சுட்டுச் செங்கல்லாக்கும் ஆலைகளும் உள்ள ஊர் என்பதால், தீ தாங்கும் பொருளைப் பற்றிப் பேச இங்கே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓமலூர்ப் பக்கத்துச் சூளைக்காரர் ஒருவர் அலுமினாவில் 300 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டும் சட்டங்கள் வேண்டும் என்றும், ஒவ்வொன்றின் நடுவிலும் 30 கிலோ வரை சுமை வரும் என்றும் சொன்னபோது, எவ்வளவு தடிமன் கொடுப்பது என்ற கேள்விக்கு வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. இரும்பாக இருந்தால் பட்டியலைப் பார்த்து வலிமையை எடுத்து, அதைப் பாதுகாப்புக் காரணியால் வகுத்துவிடலாம். சுட்ட அலுமினாவுக்கு அந்த வழி சரிவராது. ஏன் சரிவராது என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்தோம் என்பதையும் எண்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டத்துக்கு முதலில் நினைத்த அளவு 20 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன். அதே மாவில், அதே அச்சழுத்தத்தில் செய்த பச்சைச் சட்டங்களிலிருந்து சிறு துண்டுகளை அறுத்து, நீளவாட்டு விளிம்புகளை நுண்ணிய உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, சட்டங்களோடு சேர்த்தே சூளையில் சுட்டோம். சுட்டபின் ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டிருந்தது. சுட்டபிறகு வைரச் சக்கரத்தில் அறுத்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அப்போது சக்கரம் கீறிய கீறல்களின் வலிமையைத்தான் அளந்திருப்போம், சட்டத்தின் வலிமையை அல்ல. விளிம்பை மழுக்கியதும் இதே காரணத்தால்தான். கூர்மையான விளிம்பில் இருக்கும் சிறு உடைசல் உள்ளே உள்ள எல்லாக் குறைகளையும் முந்திக்கொண்டு துண்டை உடைத்துவிடும்.

சோதனைக் கருவி எளியது. லேத் பட்டறையில் கடினப்படுத்திய எஃகில் மூன்று உருளைகளைக் கடைந்து வாங்கினோம். இரண்டு உருளைகள் 40 மில்லிமீட்டர் இடைவெளியில் கீழே நிற்க, மூன்றாவது மேலிருந்து நடுவில் அழுத்தும். உருளைகள் சுதந்திரமாக உருள வேண்டும். அவற்றை இறுக்கிப் பிடித்துவிட்டால் உராய்வே சுமையில் ஒரு பங்கைத் தாங்கி, வலிமையைக் கூட்டிக் காட்டும். அழுத்தத்தை 1-க்கு 5 நெம்புகோல் வழியாகக் கொடுத்தோம். நெம்புகோலின் சொந்த எடையை எதிர் எடை வைத்துச் சமன் செய்துவிட்டு, அதன் முனையில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, உலர்ந்த சலித்த மணலைப் புனல் வழியாக ஒரே சீராக விழவிட்டோம். துண்டு உடைந்து வாளி இறங்கும்போது கயிறு இழுபட்டுப் புனலின் வாய் மூடிக்கொள்ளும். அரை நிமிட அளவில் உடையுமாறு மணலின் வேகத்தை வைத்தோம். எல்லாத் துண்டுகளுக்கும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் காற்றில் உள்ள ஈரம் அலுமினாவின் விரிசல் நுனியைச் சுமையின் கீழ் மெல்ல மெல்ல வளர்க்கும். மெதுவாக ஏற்றிய துண்டு, வேகமாக ஏற்றியதைவிடச் சற்றுக் குறைந்த சுமையில் உடையும்.

நடுவில் அழுத்தி வளைக்கும்போது கீழ்ப்பரப்பில் வரும் இழுவிசைத் தகைவை இப்படிக் கணக்கிடலாம்:

```
σ = 3·F·L / (2·b·d²)
```

இங்கே F சுமை நியூட்டனில், L உருளைகளின் இடைவெளி, b அகலம், d தடிமன். வாளியும் மணலும் சேர்ந்து 6.92 கிலோ இருக்கையில் ஒரு துண்டு உடைந்தது என்று கொள்வோம். ஐந்தால் பெருக்கினால் 34.6 கிலோ, அதாவது 339 நியூட்டன். 6-க்கு 4 அளவுள்ள துண்டில் அது 212 மெகாபாஸ்கல் ஆகிறது. இந்தச் சமன்பாட்டில் தடிமன் இருமடியில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 4 மில்லிமீட்டரில் 0.1 மில்லிமீட்டர் தவறினால் தகைவில் 5 விழுக்காடு தவறும். நாம் அறிய விரும்புவது பொருளின் சிதறலை. அளவையின் சிதறல் அதோடு கலந்துவிடக் கூடாது என்பதால், உடைந்த இடத்துக்கு அருகிலேயே ஒவ்வொரு துண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்தோம்.

30 துண்டுகளை உடைத்தோம். மிகக் குறைந்தது 138 மெகாபாஸ்கல், மிக அதிகம் 259, சராசரி 208, திட்டவிலக்கம் 28. ஒரே மாவு, ஒரே அச்சு, ஒரே சூளை, ஒரே நாள் சுட்டவை. இருந்தும் மிக வலுவான துண்டு வலிமை மிகக் குறைந்த துண்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தாங்கியது. இதைக் கண்டு, செய்முறையில் ஏதோ ஒழுங்கின்மை இருக்கிறது என்று முடிவு கட்டுவது இயல்பு. ஆனால் நொறுங்கும் பொருளுக்கு இதுவே இயற்கை.

1920-களின் தொடக்கத்தில் ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடியில் காட்டியது இங்கும் பொருந்தும். இரும்பில் ஒரு சிறு விரிசலின் நுனியில் தகைவு குவிந்தால் உலோகம் அங்கே நெகிழ்ந்து, நுனி மழுங்கிவிடும். அலுமினாவுக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. ஆகவே நீண்ட குறை எதுவோ அதுவே உடைவுத் தகைவை முடிவு செய்கிறது. விரிசல் எதிர்ப்பை 3.5 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டர் என்றும், வடிவக் காரணியை 1.3 என்றும் வைத்துக் கணக்கிட்டால், 259 மெகாபாஸ்கலில் உடைந்த துண்டில் ஏறத்தாழ 0.11 மில்லிமீட்டர் ஆழமுள்ள குறையும், 138-இல் உடைந்ததில் 0.38 மில்லிமீட்டர் ஆழமுள்ள குறையும் இருந்திருக்க வேண்டும். பொருளின் தரம் இரண்டிலும் ஒன்றேதான். மாவில் உடையாமல் நின்ற ஒரு கட்டியோ, எரிந்துபோன ஒரு நார் விட்டுச்சென்ற குழியோ, அச்சின் சுவரோரம் விழுந்த ஒரு படலப் பிளவோ ஒரு துண்டில் சற்றுப் பெரிதாகவும் இன்னொன்றில் சற்றுச் சிறிதாகவும் அமைந்தது, வேறுபாடு அவ்வளவுதான். வலிமை என்று நாம் அளந்த எண், உண்மையில் அந்தத் துண்டின் மிக மோசமான குறையின் அளவு.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, வலிமையை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது; எந்தத் தகைவில் எத்தனை விழுக்காடு உடையும் என்றுதான் சொல்ல முடியும். இரண்டாவது விளைவைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய துண்டில் பெரிய குறை இருக்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே பெரிய துண்டு சிறிய துண்டைவிடக் குறைந்த தகைவில் உடையும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவர்களுக்கு இது புதிதல்ல: பற்றவைத்த கண்ணிகளில் மிக மெலிந்தது எதுவோ அங்கேதான் கொலுசு அறும், கண்ணிகள் கூடக்கூட அப்படி ஒரு கண்ணி சேரும் வாய்ப்பும் கூடும்.

ஸ்வீடனைச் சேர்ந்த வலோடி வெய்புல் 1939-இல் இந்த எண்ணத்தைக் கணிதமாக்கினார். பொருளைச் சிறு சிறு பகுதிகளாகக் கருதினால், முழுத் துண்டும் பிழைக்க ஒவ்வொரு பகுதியும் பிழைக்க வேண்டும். எனவே பிழைக்கும் நிகழ்தகவுகள் ஒன்றோடொன்று பெருகும், பெருக்கம் அடுக்குக்குறியில் கூட்டலாக மாறும். பெரிய குறைகள் அளவு கூடக்கூட ஓர் அடுக்கு விதிப்படி அரிதாகின்றன என்று கொண்டால், கிடைப்பது இதுதான்:

```
P = 1 − exp[ −(V/V₀)·(σ/σ₀)^m ]
```

P உடையும் நிகழ்தகவு. V துண்டின் கன அளவு, V₀ ஒப்பிட எடுத்துக்கொண்ட துண்டின் கன அளவு. σ₀ அளவைக் குறிக்கும் கெழு: V-யும் V₀-வும் சமமாக இருக்கையில் 63.2 விழுக்காடு துண்டுகள் உடையும் தகைவு. m வடிவக் கெழு: அது சிறிதானால் சிதறல் அதிகம், பெரிதானால் குறைவு. முதல் கெழு பொருள் எங்கே நிற்கிறது என்பதையும், இரண்டாவது எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்பதையும் சொல்கின்றன. இதற்குக் கீழே எதுவும் உடையாது என்னும் ஓர் எல்லைத் தகைவை மூன்றாவது கெழுவாகச் சேர்ப்பவர்களும் உண்டு. 30 துண்டுகளை வைத்து அந்த எல்லையை நம்பகமாகக் கண்டுபிடிக்க வழியில்லை. அதைச் சுழி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பின் பக்கம் நிற்பது, அதனால் இரண்டு கெழுக்களோடு நின்றேன்.

கெழுக்களைக் காண, வலிமைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, i-ஆவது துண்டுக்கு (i − 0.5)/30 என்ற நிகழ்தகவைக் கொடுக்க வேண்டும். விரிதாளில் வரிசை எண்ணை A-யிலும் வலிமையை B-யிலும் இட்டால், மற்றவை இவை:

```
C2: =LN(B2)
D2: =LN(-LN(1-(A2-0.5)/30))
F2: =SLOPE(D2:D31,C2:C31)
F3: =EXP(-INTERCEPT(D2:D31,C2:C31)/F2)
```

C-க்கு எதிராக D-யை வரைந்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைய வேண்டும். அந்தக் கோட்டின் சாய்வு m. எங்கள் துண்டுகளுக்கு m 9 என்றும் σ₀ 220 மெகாபாஸ்கல் என்றும் வந்தன. புள்ளிகள் நடுவில் மடிந்து இரண்டு சாய்வுகளாகத் தெரிந்தால், இரண்டு வகைக் குறைகள் கலந்து உடைத்திருக்கின்றன என்று பொருள். அப்போது ஒரே கோட்டை வலிந்து பொருத்தக் கூடாது. உடைந்த முகங்களைப் பார்த்து வகை பிரித்த பிறகே கணக்கிட வேண்டும். எங்கள் வரைபடத்தில் மடிப்பு இல்லை. இருந்தாலும் முகங்களைச் சிறு நுண்ணோக்கியில் பார்த்தோம். உடைவு தொடங்கிய இடத்தைச் சுற்றி வழவழப்பான ஒரு வட்டமும், அதற்கு வெளியே கதிர்களாக விரியும் வரிகளும் இருக்கும். வரிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் குறையிடம் வந்து சேரலாம். பெரும்பாலானவை உள்ளே இருந்த குழிகளில் தொடங்கியவை, சில மட்டும் பரப்பில். மெலிந்த துண்டுகள் இரண்டாகவும், வலுவானவை பல சில்லுகளாகவும் உடைவதால், வலுவானவற்றின் சில்லுகளைப் பொறுக்கி வைக்கக் கருவியைச் சுற்றி ஒரு துணிப்பை கட்டியிருந்தோம்.

இயல்நிலைப் பரவலைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். சராசரி 208, திட்டவிலக்கம் 28 என்று வைத்தால், ஆயிரத்தில் ஒன்று உடையும் தகைவு 121 மெகாபாஸ்கல் என்று அது சொல்லும். வெய்புல் அதே துண்டுக்கு 102 என்கிறது. நடுப்பகுதியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும்; கணக்குக்கு வேண்டிய கீழ்வாலில், அதாவது மிகக் குறைந்த தகைவில் உடையும் அரிய துண்டுகளின் பகுதியில்தான் பிரிகின்றன. அதைவிட முக்கியமானது, துண்டு பெரிதானால் வலிமை என்னவாகும் என்பதற்கு இயல்நிலைப் பரவலில் இடமே இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். உருளைகளுக்கு நடுவில் சோதனைத் துண்டின் கன அளவு 960 கன மில்லிமீட்டர், சட்டத்தினுடையது 60,000, விகிதம் 62.5. இரண்டிலும் சுமை நடுவில் வருவதால் தகைவு பரவும் விதம் ஒன்றே, ஆகவே இந்த விகிதத்தையே நேரடியாகப் பயன்படுத்தலாம். வளைவில் உயர்ந்த இழுவிசை கீழ்ப்பரப்பின் நடுவில் மட்டுமே வருவதால், உண்மையில் வேலை செய்யும் கன அளவு மிகச் சிறியது. m 9 ஆக இருக்கையில் அது V/(2(m+1)²), அதாவது சோதனைத் துண்டில் வெறும் 4.8 கன மில்லிமீட்டர், சட்டத்தில் 300.

62.5-இன் ஒன்பதாம் மூலம் 1.58. ஆகவே சட்டத்தின் σ₀ 220-ஐ 1.58-ஆல் வகுத்த 139 மெகாபாஸ்கல். சோதனையில் சராசரி 208 காட்டிய பொருள், சட்டமாகும்போது சராசரி 132-ஆக இறங்கிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு சட்டம் மட்டும் உடையலாம் என்று வைத்தால் அனுமதிக்கத்தக்க தகைவு 64 மெகாபாஸ்கல். எல்லா உடைவுகளும் பரப்பிலேயே தொடங்கியிருந்தால் கன அளவுக்குப் பதில் பரப்பளவின் விகிதம் வந்திருக்கும், σ₀ 154-ஆக இருந்திருக்கும். நாங்கள் கண்டவை பெரும்பாலும் உட்குழிகள் என்பதாலும், குறைந்த எண்ணே பாதுகாப்பு என்பதாலும் 139-ஐ எடுத்துக்கொண்டேன்.

சூளைக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, “சராசரியில மூணுல ஒரு பங்கு வச்சாப் போதாதுங்களா, அண்ணா? எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்றில் ஒரு பங்கு 69 மெகாபாஸ்கல். m 9 என்றால் அந்தத் தகைவில் ஆயிரத்துக்கு 2 சட்டங்கள் உடையும். ஒரு சூளையில் 24 சட்டங்கள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது உடையும் வாய்ப்பு 4.5 விழுக்காடு. பரவாயில்லை என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் வேறொரு பட்டறையின் சட்டமும் சோதனைத் துண்டுகளில் அதே சராசரி 208-ஐக் காட்டி, அதன் m 5 ஆக இருக்கட்டும். அதே 69 மெகாபாஸ்கலில் அவற்றில் நூற்றுக்கு 15 உடையும். m 15 ஆக இருந்தாலோ பத்து லட்சத்துக்கு 3 மட்டுமே உடையும். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், அனுமதிக்கத்தக்க தகைவு m 5-க்கு 25, m 9-க்கு 64, m 15-க்கு 103 மெகாபாஸ்கல். சராசரியும் பாதுகாப்புக் காரணியும் மூன்றிலும் ஒன்றே, விளைவு மட்டும் முற்றிலும் வேறு. இரண்டாவது கெழு இல்லாமல் வடிவமைப்பது ஏன் முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அலுமினா சட்டம் வாங்குகிறவர்கள் சராசரி வலிமையோடு m-ஐயும், அது எத்தனை துண்டுகளில் எந்த அளவில் கண்டது என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

30 துண்டுகளில் கண்ட m-உம் துல்லியமானதல்ல. அதன் திட்டவிலக்கம் ஏறத்தாழ 14 விழுக்காடு. ஆகவே உண்மையான m 7 முதல் 11 வரை எங்கும் இருக்கலாம். 10 துண்டுகளோடு நிறுத்தியிருந்தால் இந்த இடைவெளி இன்னும் அகன்று, கணக்குக்கே பொருளில்லாமல் போயிருக்கும். கீழெல்லையான 7-ஐ எடுத்து, σ₀ 220 என்றே வைத்துத் திரும்பக் கணக்கிட்டால், அனுமதிக்கத்தக்க தகைவு 64-இலிருந்து 45 மெகாபாஸ்கலாகக் குறைகிறது.

10 மில்லிமீட்டர் தடிமனில் 30 கிலோ சுமை நடுவில் தரும் தகைவு 66 மெகாபாஸ்கல். m 9 என்று நம்பினாலும் இது எல்லையைச் சற்றுத் தாண்டுகிறது. 7 என்றால் வெகுவாகத் தாண்டுகிறது. தடிமனை 12.5-ஆக்கினால் தகைவு 42.4-ஆக இறங்கும். கன அளவு கூடுவதால் அனுமதி எல்லையும் இறங்கும், ஆனால் 45-இலிருந்து 44-க்கு மட்டுமே. தடிமன் இருமடியில் தகைவைக் குறைக்கிறது, கன அளவோ m-ஆம் மூலத்தில்தான் வலிமையைக் குறைக்கிறது. அதனால் தடிமனைக் கூட்டுவது எப்போதும் ஆதாயமே. 12.5 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தோம். இந்தக் கணக்கு குளிர்ந்த சட்டத்தில் சரக்கை அடுக்கும் நிலைக்கு மட்டுமே உரியது. சூளை சூடேறியபின் அலுமினாவின் துகள் எல்லைகளில் உள்ள கண்ணாடிப் பகுதி மெதுவாக இளகித் தொய்வதையும், வேகமாக ஆறவைத்தால் வரும் வெப்ப அதிர்ச்சியையும் இந்தச் சமன்பாடு சொல்லாது. சூட்டில் தாங்கும் அளவைச் சூட்டிலேயே சோதித்தாக வேண்டும்.

அனுப்பும் முன் ஒவ்வொரு சட்டத்தையும் நடுவில் 45 கிலோ ஏற்றி, உலர்ந்த நாளில், சில நொடிகள் மட்டும் வைத்து உடனே இறக்குகிறோம். அது 64 மெகாபாஸ்கல் தரும். அந்தச் சோதனையைத் தாண்டிய சட்டத்தில் அந்தத் தகைவில் உடைக்கும் அளவுக்குப் பெரிய குறை இருந்திருக்க முடியாது என்பதால், பரவலின் கீழ்வால் அங்கேயே வெட்டுண்டுவிடுகிறது. நெடுநேரம் வைத்திருந்தால் விரிசல்கள் ஈரத்தில் வளர்ந்துவிடும், சோதனையே சட்டத்தைக் கெடுக்கும். இந்தச் சோதனையில் இன்னொரு பயனும் உண்டு: m 9 உண்மையானால் ஆயிரம் சட்டங்களில் ஒன்று உடைய வேண்டும், 7 ஆக இருந்தால் 13 உடைய வேண்டும். எனவே உடைந்த ஒவ்வொரு சட்டத்தையும் அதன் தேதியோடும் மாவின் தொகுதி எண்ணோடும் பதிவேட்டில் எழுதுகிறோம். எண்ணிக்கை ஆயிரத்துக்கு ஐந்தைத் தாண்டினால், அந்தத் தொகுதி மாவிலிருந்து புதிதாக 30 துண்டுகளை அறுத்து, m-ஐ மறுபடி கண்ட பிறகே அடுத்த சட்டங்களை அனுப்புவது என்று வைத்திருக்கிறோம்.